பேச்சைத் தொடங்கி வைக்கும் இலவச செக்லிஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வாடிக்கையாளர்கள் தாமாகப் பேச வருவதற்காக ஒரு இலவச செக்லிஸ்ட் தயாரிப்பது பற்றி, தனியாகத் தொழில் செய்பவர்களும் சிறு குழுவாக வேலை எடுத்துச் செய்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாத் தொழிலுக்கும் சேர்த்துப் பொதுவாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது என்பதால், பதில்கள் முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: பழைய வெப்சைட்டைப் புது வடிவமைப்புக்கும் புது ஹோஸ்டிங்குக்கும் மாற்றிக் கொடுக்கும் ஒருவர், சிறு தொழில் நடத்துபவர்களுக்காக ஒரு செக்லிஸ்ட் தயாரிக்கிறார்.

எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அவர்களே செய்துகொண்டு போய்விட மாட்டார்களா?

சிலர் செய்துகொள்வார்கள். அவர்கள் எப்படியும் உங்களிடம் வந்திருக்க மாட்டார்கள், அதனால் நஷ்டம் இல்லை. மற்றவர்கள் விஷயம் வேறு. செக்லிஸ்ட்டை எடுத்து உட்காரும் ஒரு கடைக்காரர், முதல் நான்கு வரிகளுக்கு டிக் போட்டுவிடுவார். ஐந்தாவது வரி, "உங்கள் மின்னஞ்சலுக்கான MX பதிவுகளின் நகல் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்கிறது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. உங்கள் மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்பவை அந்தப் பதிவுகள். டொமைனின் நேம்சர்வரைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது அவற்றையும் கொண்டுபோகாவிட்டால் தளம் நன்றாகத் திறக்கும், மெயில் மட்டும் வராமல் நின்றுபோகும். இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்து "மெயில் திரும்பி வருகிறதே" என்று சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

செக்லிஸ்ட் கொடுப்பது இந்த இடத்துக்காகத்தான். தனக்கு என்ன தெரியாது என்பது ஒருவருக்குக் குறிப்பாகத் தெரிந்துவிட்டால், அவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. கேள்வியே இல்லாதவர் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் பேச வர மாட்டார்.

மறைத்து வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதியைச் சொல்லிவிட்டு "மீதிக்கு எங்களை அணுகவும்" என்று நிறுத்தினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். வரிகளை முழுதாகக் கொடுங்கள். முடிவெடுக்கும் அனுபவத்தை ஒரு தாளில் எழுதிவிட முடியாது. அது உங்களிடமே இருக்கும்.

எந்தத் தலைப்பில் தயாரிப்பது என்றே புரியவில்லை. எனக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறதே?

தெரிந்ததிலிருந்து தொடங்காதீர்கள். உங்களுக்கு வேலை கொடுத்தவர்கள், கொடுப்பதற்கு முந்தைய வாரம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். பழைய மெயில்களைத் திறந்து அவர்கள் எழுதிய முதல் செய்தியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். நம் உதாரணத்தில் இப்படி வரும்: "டிசைனர் புது தளத்தை முடித்துவிட்டார், அடுத்த வாரம் மாற்றலாம் என்கிறார், கூகுளில் எங்கள் இடம் போய்விடுமா என்று பயமாக இருக்கிறது."

இந்த ஒரு வரியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: ஆள் யார், எந்தக் கட்டத்தில் இருக்கிறார், எதற்குப் பயப்படுகிறார். தலைப்பும் அதிலேயே இருக்கிறது: "புது வெப்சைட்டுக்கு மாறுவதற்கு முந்தைய வாரம் பார்க்க வேண்டிய 11 விஷயங்கள்."

"வெப்சைட் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி" என்று வைத்தால் இதைவிட அதிகம் பேர் எடுத்துப்போவார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் தொடங்கவே இல்லாதவர்கள், மாணவர்கள், உங்களைப் போலவே தொழில் செய்பவர்கள். அடுத்த வாரம் தளத்தை மாற்றப்போகிற ஒருவருக்கு இருக்கும் அவசரம் அவர்களுக்கு இருக்காது. தலைப்பில் ஒரு தேதியோ கட்டமோ இருந்தால், அந்தக் கட்டத்தில் இல்லாதவர்கள் தாமாகவே விலகிப்போவார்கள். அப்படி விலகுவது நல்லது.

செக்லிஸ்ட் நல்லதா, டெம்ப்ளேட் நல்லதா?

இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குச் செக்லிஸ்ட். அவர்களுடைய சொந்தத் தகவலை நிரப்பித்தான் பதில் தெரியும் என்றால் டெம்ப்ளேட். தளம் மாற்றும் வேலைக்கு இரண்டும் சேர்ந்த ஒரே ஷீட்டைத்தான் நான் சொல்வேன். முதல் தாளில் 11 வரிச் செக்லிஸ்ட், இரண்டாவது தாளில் பழைய பக்க முகவரிகளைப் புது பக்க முகவரிகளோடு பொருத்தும் அட்டவணை.

இரண்டாவது தாள்தான் பேச்சைக் கொண்டுவரும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வரியையும் எப்படி எழுதுவது? நான் எழுதியது என் வேலைக் குறிப்பு மாதிரி இருக்கிறது.

பெரும்பாலான செக்லிஸ்ட்டுகள் சறுக்குவது இங்கேதான். நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் குறிப்பில் "ரீடைரக்ட் செக் பண்ணு" என்றால் போதும். தொழில் தெரியாதவருக்கு அது எதையும் சொல்லாது. எங்கே பார்ப்பது, எப்படி இருந்தால் சரி, எப்படி இருந்தால் தவறு என்ற மூன்றும் வரியிலேயே இருக்க வேண்டும்.

ஒரு வரியை எடுத்து மாற்றிப் பார்க்கலாம். முதலில் இருந்தது:

"நோ-இண்டெக்ஸ் நீக்கப்பட்டதா?"

மாற்றிய பிறகு:

"உங்கள் புது தளம் வேர்ட்பிரஸில் இருந்தால், Settings → Reading பக்கத்தைத் திறக்கவும். அங்கே Discourage search engines from indexing this site என்ற பெட்டி இருக்கும். தளம் மக்களுக்குத் திறந்த பிறகு அதில் டிக் இருக்கக் கூடாது. டிக் இருந்தால், தேடுபொறிகள் உங்கள் பக்கங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று நீங்களே சொல்வதாக ஆகும்."

தளத்தைத் தயாரிக்கும்போது அந்தப் பெட்டியில் டிக் போட்டு வைப்பது வழக்கம், முடிக்காத தளம் கூகுளில் வந்துவிடக் கூடாது என்பதற்காக. திறக்கும் நாளில் அதை எடுக்க மறந்துபோவதும் அடிக்கடி நடக்கும். இந்த ஒரு வரியிலேயே படிப்பவருக்கு நேரடிப் பலன் கிடைக்கிறது. டிக் இருந்தால் அவரே எடுத்துவிடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இப்படி முழுப் பலன் தரும் வரிகள் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் செக்லிஸ்ட்டும் பயமுறுத்தி ஆள் பிடிக்கும் தாளாகத் தெரியும்.

இன்னொன்று. முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கும் தாளில் "பார்" என்று சொல்லும் வரிகள் மட்டுமே இருக்கட்டும், "மாற்று" என்று சொல்லும் வரிகள் கூடியவரை வேண்டாம். மேலே சொன்ன டிக்கை எடுத்தால் எதுவும் உடைந்துபோகாது, அது விதிவிலக்கு. MX போன்ற பதிவுகள் இருக்கும் DNS அமைப்பில் கை வைக்கச் சொன்னால், அவர் தவறான பதிவை அழித்துவிட்டு மெயிலை இழக்கக்கூடும். அந்த வரியில் "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவும், எதையும் மாற்ற வேண்டாம்" என்று தெளிவாக எழுதுங்கள்.

எத்தனை வரிகள் இருக்கலாம்?

ஒரே உட்காரலில், சுமார் அரை மணி நேரத்தில், முடிக்கக்கூடிய அளவுக்கு. எனக்கு 10 முதல் 15 வரை சரியாகப் படுகிறது. 60 வரிச் செக்லிஸ்ட்டைப் பார்ப்பவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று சேமித்து வைப்பார். அந்த அப்புறம் வரவே வராது. பாதியில் நிறுத்தியவரிடம் உங்களைக் கேட்பதற்கு எதுவும் இருக்காது.

ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் போதாதா?

மூன்றாவதாக "தெரியவில்லை" என்று ஒன்று கட்டாயம் வையுங்கள். பேச்சு பெரும்பாலும் அந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டே கட்டம் இருந்தால், தெரியாதவர் "ஆம்" என்று தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். "தெரியாது" என்று எழுதிவைக்க யாருக்குமே பிடிக்காது, தாளிலேயே அதற்கு ஒரு இடம் இருந்தால்தான் எழுதுவார்கள்.

உதாரணமாக, "உங்கள் டொமைன் யார் பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது?" என்ற வரி. பலருக்கு இதற்கு நிஜமாகவே பதில் தெரியாது. தளத்தை முதலில் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே பதிவு செய்திருப்பார், அவர் இப்போது தொடர்பில் இருக்க மாட்டார். இது "ஆம், இல்லை"யில் அடங்கும் கேள்வியே இல்லை.

கடைசியில் அந்தக் கட்டங்களை எண்ணிக் காட்டும் ஒரு சூத்திரம் வையுங்கள். பதில்கள் C2 முதல் C12 வரை இருந்தால்:

```
=COUNTIF(C2:C12,"தெரியவில்லை")
```

பதில்களைக் கையால் தட்டச்சு செய்ய விடாமல், தேர்ந்தெடுக்கும் பட்டியலாக அமைத்துவிடுங்கள். யாராவது "தெரியல" என்று எழுதிவிட்டால் சூத்திரம் அதை எண்ணாது.

எண்ணிக்கைக்குப் பக்கத்தில் "அபாயம்", "ஆபத்து" என்று சிவப்பு வண்ணம் பூசாதீர்கள். "உங்களுக்கு 3 விஷயங்கள் தெரியவில்லை" என்று சும்மா சொன்னாலே போதும். அவருக்கே தெரிந்த உண்மை அது.

அந்த இரண்டாவது தாள் என்ன செய்கிறது?

தளம் மாறும்போது பக்க முகவரிகளும் பெரும்பாலும் மாறிவிடும். பழைய முகவரியில் வருபவர்களைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். அதற்குத்தான் 301 ரீடைரக்ட். எந்தப் பக்கம் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பதற்கான அட்டவணை இது. நான்கு பத்திகள் போதும்: பழைய முகவரி, கடந்த 3 மாதத்தில் வந்த கிளிக்குகள், புதிய முகவரி, முடிவு.

முதல் இரண்டு பத்திகளையும் அவரே நிரப்பலாம். கூகுள் சர்ச் கன்சோலில் Performance அறிக்கையைத் திறந்து, Pages என்ற பகுதிக்குப் போனால் எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக் வந்தது என்று தெரியும். அதிகம் கிளிக் வரும் 20 பக்கங்களை மட்டும் எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். மூன்றாவது பத்தியும் பெரும்பாலும் எளிதாக நிரம்பிவிடும். "எங்களைப் பற்றி" பக்கம் புது தளத்தின் "எங்களைப் பற்றி" பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

சிக்கல் வருவது, பழைய பக்கத்துக்கு ஈடான பக்கம் புது தளத்தில் இல்லாதபோது. ஒரு பிசியோதெரபி நிலையம் என்று வைத்துக்கொள்வோம். பழைய தளத்தில் 60 பக்கங்கள். தோள்பட்டை வலி பற்றிய ஒரு பழைய கட்டுரைக்குத்தான் எல்லாவற்றிலும் அதிக கிளிக். டிசைனர் புது தளத்தில் எல்லா சேவைகளையும் ஒரே பக்கத்தில் அடக்கி, பழைய கட்டுரைகளை எடுத்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலையத்தின் உரிமையாளர் அட்டவணையை நிரப்பும்போது, பட்டியலின் முதல் வரியிலேயே "புதிய முகவரி" காலியாக நிற்கிறது.

இப்போது அவருக்கு மூன்று வழிகள். அந்தக் கட்டுரையைப் புது தளத்திலும் வைத்துக்கொள்ளலாம். நெருக்கமான இன்னொரு பக்கத்துக்குத் திருப்பலாம். அப்படியே விட்டுவிட்டு, பக்கம் இல்லை என்று சொல்லும் 404 காட்டலாம். நான்காவதாக, காணாமல்போன பக்கங்களையெல்லாம் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். தொடர்பில்லாத ஒரே பக்கத்துக்கு எல்லாவற்றையும் திருப்பினால் கூகுள் அதை "இல்லாத பக்கம்" போலவே எடுத்துக்கொள்ளக்கூடும். கூகுளின் வழிகாட்டுதலிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தக் கட்டுரையால் வரும் ஆட்கள் நோயாளிகளாக மாறுகிறார்களா, கட்டுரையின் தகவல் இன்னும் சரியாக இருக்கிறதா, புது வடிவமைப்பில் அதற்கு இடம் உண்டா என்பதையெல்லாம் பொறுத்தது. அட்டவணை இதற்கு விடை சொல்லாது, சொல்லவும் முடியாது. அவருடைய கேள்வி இப்போது "எனக்கு SEO வேண்டுமா?" என்ற மங்கலான நிலையில் இல்லை. "இந்த ஒரு பக்கத்தை என்ன செய்வது?" என்று கூர்மையாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்கு மெயில் எழுத இந்த அளவு காரணம் தாராளமாகப் போதும்.

உங்கள் தொழில் வேறாக இருந்தால், இதற்கு ஈடான இடத்தைத் தேடிப் பாருங்கள்: வாடிக்கையாளர் தன் தகவலை நிரப்பிக்கொண்டே வரும்போது, நியாயமாகவே முடிவெடுக்க முடியாமல் நிற்கும் கட்டம் எது? டெம்ப்ளேட்டை அந்தக் கட்டம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன்னால் நிறுத்தக் கூடாது.

கடைசியில் என்ன எழுதி அழைப்பது? "இலவச ஆலோசனைக்கு அணுகவும்" சரியா?

அது எல்லோரும் எழுதும் வரி, கண் அதைத் தாண்டிப் போய்விடும். தவிர, "ஆலோசனை" என்றாலே ஒரு மணி நேரம் போனில் விற்கப் போகிறார்கள் என்று ஆட்கள் ஒதுங்குவார்கள். கேட்பது சின்னதாக இருக்கட்டும், எதை அனுப்ப வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். நம் ஷீட்டின் அடியில் இப்படி எழுதலாம்:

"புதிய முகவரி காலியாக இருக்கும் வரிகளில், உங்களைக் குழப்பும் இரண்டை மட்டும் நகலெடுத்து எனக்கு மெயில் செய்யுங்கள். எந்தத் தேதியில் மாற்றுவதாக இருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். ஒரு வேலைநாளுக்குள் என் கருத்தைச் சொல்கிறேன். போனில் பேச வேண்டிய அவசியம் இல்லை."

"இரண்டு" என்ற வரம்பு இரு பக்கத்துக்கும் நல்லது. அவருக்குத் தயக்கம் குறையும், உங்களுக்கும் 20 வரிகளுக்கு ஓசியில் பதில் எழுதும் நிலை வராது. தேதியைக் கேட்பது, யாருக்கு முதலில் பதில் எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

மெயில் வந்துவிட்டது. என்ன பதில் எழுதுவது?

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், நிஜமாகவே. அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்பது தெரிய வேண்டும். பிசியோதெரபி நிலையத்துக்கு எழுதும் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தோள்பட்டைக் கட்டுரையை எடுக்க வேண்டாம். உங்கள் தளத்துக்கு அதிகம் ஆள் கொண்டுவருவது அதுதான், அதன் கடைசியில் நேரம் பதிவு செய்யும் லிங்க்கும் இருக்கிறது. புது தளத்தில் அதே முகவரியிலேயே வைக்க முடியுமா என்று டிசைனரிடம் கேளுங்கள், முடிந்தால் ரீடைரக்டே தேவையில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது பக்கம் பழைய விடுமுறை அறிவிப்பு, அதை விட்டுவிடலாம். ஒன்று கேட்க வேண்டும்: முதல் தாளில் MX வரிக்கு என்ன பதில் போட்டீர்கள்?"

இந்தப் பதிலில் விற்பனை எதுவும் இல்லை, கடைசியில் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. அதற்கு "தெரியவில்லை" என்று பதில் வந்தால், அடுத்த மெயிலில் வேலையைப் பற்றிப் பேசலாம்: "மாற்றும் நாளில் இந்த இரண்டையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், இன்னின்ன வேலை, இவ்வளவு நேரம் ஆகும்." முதல் பதிலிலேயே கட்டணப் பட்டியலை இணைத்தால், செக்லிஸ்ட் மேல் வந்த நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும்.

சிலர் இரண்டு வரிக்குப் பதிலாக முழு ஷீட்டையும் அனுப்பி "பார்த்துச் சொல்லுங்களேன்" என்பார்கள். அவர்களுக்கும் இரண்டு வரிக்குப் பதில் எழுதிவிட்டு, மீதியைப் பார்ப்பது கட்டண வேலை என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். வேலை தரும் எண்ணம் உள்ளவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்று பூட்டி வைப்பதா, திறந்தே வைப்பதா?

மாதத்துக்கு ஒன்றிரண்டு வேலை எடுப்பவருக்கு, திறந்தே வைப்பதைத்தான் சொல்வேன். பூட்டி வைத்தால் பட்டியல் வளரும், உண்மைதான். அதில் பாதி, யாரும் திறந்து பார்க்காத இரண்டாம்தர முகவரிகளாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது பேசத் தயாராக இருக்கும் சிலர். ஷீட்டை நிரப்பிவிட்டுத் தாமாகவே மெயில் எழுதுபவர் ஏற்கெனவே அந்த நிலையில் இருக்கிறார். இன்னொன்று, திறந்த லிங்க்கை ஒருவர் இன்னொருவருக்குத் தயங்காமல் அனுப்புவார். படிவத்தை நிரப்பச் சொல்லும் லிங்க்கை யாரும் நண்பருக்கு அனுப்ப மாட்டார்கள்.

பெரிய குழுவாகத் தொடர்ந்து செய்திமடல் அனுப்புகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அப்போதும், செக்லிஸ்ட்டுக்காகக் கொடுத்த முகவரியைச் சொல்லாமல் கொள்ளாமல் செய்திமடல் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது.

கூகுள் ஷீட்டாகக் கொடுத்தேன். எல்லோரும் அனுமதி கேட்டு மெயில் அனுப்புகிறார்கள். என்ன தவறு?

ஷீட் உங்களுக்கு மட்டுமே திறக்கும் நிலையில் இருக்கிறது. Share பெட்டியில் Anyone with the link என்று மாற்றி, பக்கத்தில் Viewer என்று வையுங்கள். Editor என்று வைத்துவிடாதீர்கள். வைத்தால் எல்லோரும் ஒரே ஷீட்டில் எழுதுவார்கள், ஒருவருடைய தள விவரம் அடுத்தவர் கண்ணில் படும். அது அனுமதி கேட்கும் மெயிலைவிடப் பெரிய தலைவலி.

பார்க்க மட்டும் அனுமதி இருந்தால் அவர்கள் எப்படி நிரப்புவார்கள் என்று கேட்கலாம். லிங்க்கின் கடைசியில் `/edit` என்று தொடங்கும் பகுதியை எடுத்துவிட்டு `/copy` என்று போடுங்கள். திறப்பவரிடம் "நகல் எடுக்கவா?" என்று கூகுளே கேட்கும், நகல் அவருடைய கணக்கில் சேரும். கூகுள் கணக்கு இல்லாதவர்களுக்காக அதே இடத்தில் `/export?format=xlsx` என்று போட்ட இன்னொரு லிங்க்கையும் வையுங்கள், அது எக்செல் கோப்பாக இறங்கும். இரண்டையும் உங்கள் கணக்கு இல்லாத மறைவிடச் சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில், திறந்து பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

நகலாகப் போய்விடுவதால், பிறகு நீங்கள் செய்யும் திருத்தம் பழைய நகல்களுக்குப் போகாது. அதனால் முதல் தாளின் மேலேயே தயாரித்த மாதமும் ஆண்டும், புதுப் பதிப்பு கிடைக்கும் லிங்க்கும் இருக்கட்டும்.

PDF வேண்டாமா என்றால், அச்சிட்டு டிக் போடும் செக்லிஸ்ட்டுக்குச் சரி. முகவரிகளை ஒட்ட வேண்டிய அட்டவணைக்கு உதவாது.

எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்களோ அவர்களிடம். நம் உதாரணத்தில் அது வெப் டிசைனர்கள். தளத்தை வடிவமைப்பார்கள், ரீடைரக்ட் வேலையை விரும்ப மாட்டார்கள். "உங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப இது உதவுமா?" என்று ஐந்தாறு டிசைனர்களுக்கு அனுப்பினால் அது உங்கள் சொந்தப் பதிவுகளைவிட வேலை செய்யும். ஷீட்டில் டிசைனரைக் குறை சொல்லும் தொனி இருந்தால் ஒருவரும் அனுப்ப மாட்டார்கள், அதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி உங்கள் மெயில் கையொப்பத்தில் ஒரு வரி, உங்கள் சேவைப் பக்கத்தில் ஒரு இடம், போதும்.

நிறையப் பேர் எடுத்துப்போகிறார்கள், ஒருவர்கூடப் பேசுவதில்லை. எங்கே கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்குத் தெரிந்த, அந்தத் தொழிலில் இல்லாத ஒருவரை உட்காரவைத்து, உங்கள் முன்னாலேயே நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். இரண்டாவது வரியிலேயே "இது என்ன?" என்று நிமிர்ந்து பார்த்தால் மொழி கடினம். எல்லாவற்றுக்கும் மளமளவென்று "ஆம்" போட்டால் வரிகள் மேலோட்டமாக இருக்கின்றன, அவர் யோசிக்க எதுவும் இல்லை. கடைசிவரை வந்து, இரண்டு மூன்று "தெரியவில்லை"யோடு நின்று, அப்புறமும் ஷீட்டை மூடிவிட்டால், உங்கள் அழைப்பு வரி கண்ணில் படவில்லை அல்லது கேட்பது பெரிதாக இருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் அட்டையையும் வண்ணத்தையும் மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

ஷீட்டில் எதுவும் குறையில்லை என்றால் வருகிற ஆட்களைப் பாருங்கள். நன்றி சொல்லி எழுதுபவர்கள் எல்லோரும் சக தொழில்காரர்களாக இருந்தால், தலைப்பு அவர்களுடைய மொழியில் இருக்கிறது என்று அர்த்தம். "சைட் மைக்ரேஷன் ரீடைரக்ட் மேப்" என்று தேடுபவர் உங்கள் போட்டியாளர். "புது வெப்சைட் மாற்றினால் கூகுளில் காணாமல் போகுமா" என்று தேடுபவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

திரையில் இருக்கும் பெயர்களைச் சொல்லும் வரிகளை ஆண்டுக்கு இரண்டு முறை நீங்களே நிரப்பிப் பாருங்கள். சர்ச் கன்சோலிலோ வேர்ட்பிரஸிலோ ஒரு பொத்தானின் பெயர் மாறிவிட்டால், அந்த வரி படிப்பவரை அங்கேயே நிறுத்திவிடும். மற்ற வரிகளை வருகிற மெயில்கள் பார்த்துக்கொள்ளும். ஷீட்டில் இல்லாத ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டால், அதைச் சேர்த்து, எல்லோரும் "ஆம்" போடும் ஒரு வரியை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை 11 ஆகவே இருக்கும், சூத்திரத்தையும் தொட வேண்டியதில்லை.